முதலில் பிள்ளைக்கா, நமக்கா? விமானத்தில் மாஸ்க் விழுந்தால் உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது

குழித்துறை_அம்மா

அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் போகிறோம். வீட்டுக்காரர் அங்கேதான் வேலை. நான், ஏழு வயது மகள், மடியில் ஒன்றேகால் வயது மகன். போன தடவை விமானத்தில், "முதலில் உங்கள் மாஸ்க்கைப் போட்டுவிட்டுப் பிறகு குழந்தைக்குப் போடுங்கள்" என்று காட்டினார்கள். கூட வந்த மாமியார், "எந்தத் தாய் அப்படிச் செய்வா?" என்று கேட்டார்கள். எனக்கும் அதே கேள்விதான். பிள்ளைக்குப் போட்டுவிட பத்து செகண்டு ஆகுமா? அதற்குப் பிறகு நான் போட்டுக்கொண்டால் என்ன? நெட்டில் தேடினால் 35,000 அடியில் 30 முதல் 60 செகண்டு இருக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் நேரம் இருக்கிறதே. உண்மையிலேயே காரணம் இருக்கிறதா, இல்லை சட்டத்துக்காகச் சொல்லும் வாசகமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கல்குளம்_ஏவியேட்டர்

அக்கா, நீங்க பார்த்த கணக்கு சரிதான். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிஷம், 30,000-ல் 1 முதல் 2 நிமிஷம், 35,000-ல் 30 முதல் 60 செகண்டு, 40,000-ல் 15 முதல் 20 செகண்டு. மயக்கம் போட ஆகும் நேரம் இல்லை இது. நாம் சரியாக யோசித்து, கையால் ஒரு வேலையைச் செய்ய முடிகிற நேரம். மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் சதவீதம் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். பதறாமல் இருந்தால் 30 செகண்டில் ரெண்டு பேருக்கும் போட்டுவிடலாம். பதறுவதுதான் பிரச்சினை. 2005-ல் கிரீஸில் ஹீலியோஸ் விமானத்தில் திடீரென்று காற்றழுத்தம் போய் எல்லாரும் இறந்தார்களே, அதுவும் மாஸ்க் போடாததால்தான்.

கடியபட்டணம்_சிப்பி

நான் சிப்பி குளிக்கப் போறவனாக்கும். பாறைக்க அடியில ரெண்டு நிமிசம் மூச்சு அடக்கி வேலை செய்வேன். கையில கம்பி வச்சுச் சிப்பிய நெம்பி எடுக்கணும், அதுவும் ஓட்டத்துல. அந்த விமானத்துல மட்டும் என்ன? மூச்சை அடக்கிட்டு பிள்ளைக்கு முதல்ல போட்டுட்டு, பொறவு நமக்குப் போட்டா போச்சு. ரெண்டு நிமிசம் தாராளம். மூச்சடக்கத் தெரியாதவங்களுக்குத்தான் அந்த அறிவிப்பு எல்லாம்.

ஈத்தாமொழி_செல்வன்

எங்க அப்பாவுக்கு நுரையீரல் அடைப்பு, வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருக்கிறோம். டெல்லி கூட்டிக்கொண்டு போகணும். மூச்சு முட்டினால் மேலே இருக்கும் அந்த மாஸ்க்கைத் திறந்து கொடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

வார்டு_அக்கா

செல்வன் தம்பி, இது வேற விஷயம். அந்த மாஸ்க் காற்றழுத்தம் போனால் மட்டும் விழும், தொடங்கினால் நிறுத்தவும் முடியாது, கொஞ்ச நிமிஷத்தில் தீர்ந்தும் போகும். எதுவும் கெடாமல் பறக்கும்போதே கேபினுக்குள் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பது மாதிரியான அழுத்தம்தான் இருக்கும். அப்பாவுக்கு அதுவே கஷ்டம். டாக்டரிடம் பறக்கத் தகுதிச் சான்று வாங்கி, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி, கையில் கொண்டுபோகும் கான்சென்ட்ரேட்டருக்கு அனுமதி வாங்குங்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவர்களே கேட்பார்கள். விவரம் வேண்டுமென்றால் தனி இழை போடுங்க, அங்கே எழுதுகிறேன்.

வடசேரி_சார்ஜன்ட்

விமானப்படையில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். அதில் ஒரு பகுதி, பெங்களூரில் விமானிகளை அழுத்தக் குறைப்பு அறைக்குள் உட்கார வைத்துப் பழக்கும் வேலை. அந்த அறையிலிருந்து காற்றை உறிஞ்சி 25,000 அடி உயரத்தின் நிலைக்குக் கொண்டுபோவோம். பிறகு ஒருவரை மட்டும் மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, ஒரு தாளில் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வோம். பக்கத்தில் மாஸ்க் போட்ட ஒருவர் காவல் இருப்பார்.

முதல் ஒரு நிமிஷம் ஒழுங்காக எழுதுவார்கள். பிறகு எழுத்து பெரிதாகும், வரி சரியும், அதே எண்ணை இரண்டு முறை எழுதுவார்கள். முகத்தில் சிரிப்பு இருக்கும். "மாஸ்க் போடுங்கள்" என்றால் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டே இருப்பார்கள். மாஸ்க் கையெட்டும் தூரத்தில் மடியில்தான் கிடக்கும். நாங்கள் எடுத்து மாட்டிவிட்ட பிறகு நாலைந்து மூச்சில் தெளிந்து, "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே, நன்றாகத்தானே செய்தேன்" என்பார்கள். தாளைக் காட்டினால்தான் நம்புவார்கள்.

மூச்சு முட்டாது என்பதுதான் இதில் மோசம். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு உடம்பில் சேர்வதால் வருவது. உயரத்தில் அதை நாம் தாராளமாக வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆகவே எச்சரிக்கை மணி அடிக்காது.

தம்பி கல்குளம், ஒரு திருத்தம். சதவீதம் குறைவதில்லை. எவ்வளவு உயரம் போனாலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் இருப்பது 35,000 அடியில் 180-க்குப் பக்கம் வந்துவிடும். இது சின்னத் திருத்தம் மாதிரித் தெரியும், ஆனால் சிப்பிக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

கடல் மட்டத்தில் நுரையீரலுக்குள் ஆக்சிஜனின் அழுத்தம் 100. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து நுரையீரலுக்குத் திரும்பி வரும் ரத்தத்தில் அது 40. நூறிலிருந்து நாற்பதுக்கு ஆக்சிஜன் தானாக இறங்கும், ரத்தம் நிறையும். 35,000 அடியில் கேபின் திறந்துபோனால் நுரையீரலுக்குள் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம் 30-க்கும் கீழே போய்விடுகிறது. வருகிற ரத்தத்தில் 40. இப்போது எந்தப் பக்கம் இறங்கும்? ரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு. ஒவ்வொரு மூச்சிலும் நாமே நம் ரத்தத்தில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கேபினுக்குள் ஊதித் தள்ளுகிறோம். அந்த வெறும் ரத்தம் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரச் சில செகண்டுதான்.

கடியபட்டணம்_சிப்பி

அண்ணாச்சி, அப்படின்னா மூச்சு விடாம அடக்கிக்கிட்டா ரத்தத்துல உள்ளது வெளிய போகாதே. எனக்க கேள்வியே அதுதானே. குளிக்கும்போதும் அப்படித்தானே இருக்கோம்.

வடசேரி_சார்ஜன்ட்

நல்ல கேள்வி, அதை நேராகவே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் நுரையீரல் நிறைய இழுத்துக்கொண்டு இறங்குகிறீர்கள். பத்து மீட்டர் ஆழத்தில் தண்ணீரின் அழுத்தம் சேர்ந்து மொத்த அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். உள்ளே இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும், அதிலுள்ள ஆக்சிஜனின் அழுத்தம் ஏறும். அதாவது கடல் உங்கள் ஆக்சிஜனை ரத்தத்துக்குள் அழுத்திக் கொடுக்கிறது. அதனால்தான் ரெண்டு நிமிஷம் நிற்க முடிகிறது.

விமானத்தில் நேர் எதிர். கேபின் 8,000 அடி நிலையிலிருந்து திடீரென்று 35,000-க்குப் போனால் உங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று மூன்று நாலு மடங்கு விரியப் பார்க்கும். மூன்று லிட்டர் இருந்தால் பத்து லிட்டருக்கு இடம் கேட்கும். அடக்க முடியாது, வாய் வழியாகப் பாய்ந்து வெளியேறும். பிடிவாதமாக அடக்கினால் நுரையீரல் கிழிந்து ரத்தக் குழாய்க்குள் காற்றுக் குமிழி போகலாம். ஆகவே செய்யக் கூடாத காரியம் அது. மிஞ்சி நிற்கும் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டாலும், அதன் அழுத்தம் வெளியே உள்ளதுதான், ரத்தம் அதற்குள் ஆக்சிஜனைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆழத்தில் நன்றாக இருந்த ஆள், மேலே வரும்போது, தண்ணீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வைத்து மயங்கியதைக் கேள்விப்பட்டதுண்டா?

கடியபட்டணம்_சிப்பி

உண்டு அண்ணாச்சி. எனக்க மச்சான் ஒருத்தனுக்கே வந்துது. அடியில கை காட்டிட்டுத்தான் வந்தான். மேல ஒரு ஆள் ஆழம் இருக்கும்போ கை கால் அசைவு நின்னுட்டு. பக்கத்துல நாங்க இருந்ததால தூக்கியாச்சு. வள்ளத்துல போட்டதும் மூச்சு வந்துது. அவனுக்கு ஒண்ணும் நெனவில்ல, "நான் நல்லாத்தான் வந்தேன்"னு சொன்னான். நாங்க பயத்துல வந்ததுன்னு நெனச்சோம்.

வடசேரி_சார்ஜன்ட்

அதேதான். ஆழத்தில் அழுத்தம் இருந்தவரைக்கும் மீதமிருந்த கொஞ்சம் ஆக்சிஜன் வேலை செய்தது. மேலே வர வர அழுத்தம் பாதியானது, நுரையீரலுக்குள் ஆக்சிஜன் அழுத்தமும் பாதிக்குக் கீழே போனது, ரத்தம் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியது. கடைசிச் சில மீட்டரில் நடந்தது அது. விமானத்தில் அழுத்தம் போகும்போது நடப்பதும் இதே உடற்கூறுதான். உங்கள் மச்சான் பயந்தவர் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். தனியாகக் குளிக்கப் போகவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

லே_மலை

ராணுவத்தில் இருந்தவன், இப்போது தக்கலையில். கர்துங் லா கணவாய் 17,500 அடிக்கு மேல். அங்கே மாஸ்க் இல்லாமல் வண்டியைத் தள்ளியிருக்கிறோம். எவரெஸ்டில் 29,000 அடியில் 1978-லேயே ஆக்சிஜன் இல்லாமல் ஏறினார்கள். உடம்பு பழகும். இதில் கொஞ்சம் பயமுறுத்தல் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வடசேரி_சார்ஜன்ட்

ஐயா, நீங்கள் லேயில் இறங்கியதும் முதல் சில நாள் படுக்க வைத்திருப்பார்களே, எதற்கு? பழகுவதற்கு நாள்கள் வேண்டும், எவரெஸ்டுக்கு வாரங்கள் வேண்டும். மெஸ்னரும் ஹேபலரும் மாதக் கணக்கில் அந்த மலையில் ஏறி இறங்கிய பிறகே உச்சிக்குப் போனார்கள். குழித்துறையில் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்தவரை அதே உச்சியில் திடீரென்று கொண்டு வைத்தால் ஒன்றிரண்டு நிமிஷத்தில் சுருண்டுவிடுவார். விமானத்தில் அந்தப் பழக்கம் யாருக்கும் இல்லை, உங்களுக்கும் எனக்கும் சேர்த்து.

லே_மலை

படுக்க வைத்தது உண்மைதான். ஆனால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு என்பதை விடமாட்டேன். ஒரே நாளில் வந்த பத்துப் பேரில் இரண்டு பேர் மட்டும் தலைவலியில் கிடப்பார்கள்.

வடசேரி_சார்ஜன்ட்

வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. அறைக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். ஆனால் தான் எந்த வகை என்று விமான இருக்கையில் உட்கார்ந்து யாரும் கணிக்க முடியாது.

இனி அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அந்த 30 முதல் 60 செகண்டு என்பது ஆரோக்கியமான இளைஞர்கள், அசையாமல் உட்கார்ந்து, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே மாஸ்க்கைக் கழற்றியபோது கிடைத்த கணக்கு. அழுத்தம் திடீரென்று போனால் ஏறக்குறைய பாதி ஆகிவிடும், நுரையீரல் ஒரே மூச்சில் காலியாகிவிடுவதால். ஆக 15 முதல் 30 செகண்டு என்று வையுங்கள். கையை காலை ஆட்டிப் போராடினால் இன்னும் குறையும்.

அந்த 15 செகண்டு எப்படிப் போகும் என்று பாருங்கள். பெரிய வெடிச் சத்தம். காது அடைக்கும். கேபின் முழுக்க வெள்ளையாக மூடுபனி எழும்பும், காற்று திடீரென்று குளிர்ந்து ஈரம் பனியாவதால். புகை என்று எல்லாரும் கத்துவார்கள். கேபின் 14,000 அடி நிலையைத் தாண்டும்போது மேலே மூடி திறந்து மஞ்சள் கிண்ணங்கள் விழும். என்ன நடக்கிறது என்று புரிவதற்கே ஐந்தாறு செகண்டு போய்விடும். இப்போது நீங்கள் மகளுக்குப் போடப் போகிறீர்கள். அவள் அழுகிறாள், தலையைத் திருப்புகிறாள், முடியில் நாடா மாட்டுகிறது. பத்து செகண்டு அங்கே போனால், உங்கள் விரல் சொன்னபடி கேட்காத இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அப்போது உங்களுக்கு ஆபத்து என்ற உணர்வே இருக்காது. நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பீர்கள், என் தாள்காரர்களைப் போல. மகளுக்குப் பாதி மாட்டியிருக்கும், மடியில் இருக்கும் மகனுக்கு யாரும் இல்லை.

மாற்றிப் பாருங்கள். கிண்ணத்தை இழுத்து மூக்கும் வாயும் மூட உங்கள் முகத்தில் வைக்க ஐந்து செகண்டு. பிறகு உங்களுக்குக் கடிகாரம் ஓடவில்லை. அதற்குள் மகள் மயங்கியேவிட்டாலும், அவள் முகத்தில் கிண்ணம் வந்த பின் சில மூச்சில், மிஞ்சினால் அரை நிமிஷத்தில் விழித்துவிடுவாள். அரை நிமிஷ மயக்கத்தில் மூளைக்கு நிரந்தரக் கேடு வராது. பல நிமிஷம் விட்டால்தான் வரும். மயங்கிய பிள்ளையைத் தெளிந்த தாய் காப்பாற்றலாம். மயங்கிய தாய்க்கு ஏழு வயதுப் பிள்ளை மாஸ்க் போட்டுவிடாது. விமானிகளுக்கும் இதே முறைதான். அவர்கள் மாஸ்க் ஒரே கையால் ஐந்து செகண்டில் தலையில் மாட்டுகிற மாதிரி செய்யப்பட்டது. அதைப் போட்ட பிறகுதான் விமானத்தின் மூக்கைக் கீழே இறக்குவது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுவது எல்லாம்.

கல்குளம்_ஏவியேட்டர்

பாதியாகிற விஷயம் எனக்குத் தெரியாது சார். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஜன்னல் ஒன்று போனால் அவ்வளவு பெரிய கேபின் ஒரே செகண்டில் காலியாகிவிடுமா? 2018-ல் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1380-ல் இஞ்சின் வெடித்து ஜன்னல் போனது 32,000 அடியில். கிட்டத்தட்ட எல்லாரும் பிழைத்தார்களே.

வடசேரி_சார்ஜன்ட்

இங்கே நீங்கள் சொல்வது சரி. ஓட்டை சிறிதாக, கேபின் பெரிதாக இருந்தால் அழுத்தம் இறங்கப் பல செகண்டு, சிலபோது நிமிஷமும் ஆகும். அதற்குள் விமானிகள் கீழே இறக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆகவே பல சம்பவங்களில் பயணிகளுக்கு அட்டவணையில் உள்ளதைவிட அதிக நேரம் கிடைத்திருக்கிறது. ஆனால் ஓட்டை எவ்வளவு என்று 23-ஆம் வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த சவுத்வெஸ்ட் விமானத்தில் பயணிகள் எடுத்த படங்களைப் பாருங்கள், பலர் வாயை மட்டும் மூடி மூக்கை வெளியே விட்டிருப்பார்கள். மூக்கு வழியாகக் கேபின் காற்று போனால் மாஸ்க் பாதி வீண்.

ஹீலியோஸ் திடீர் இழப்பு இல்லை. அது மெதுவாக வந்தது, அதனால்தான் அவ்வளவு கொடூரம். 2005 ஆகஸ்டு 14, லார்னகாவிலிருந்து ஏதென்ஸ், 121 பேர். முந்தைய இரவு தரையில் சோதனை செய்தபோது அழுத்தக் கட்டுப்பாட்டுக் குமிழைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றியிருந்தார்கள், அது திரும்பத் தானியங்கிக்கு வரவில்லை. ஏறும்போதே கேபின் அழுத்தம் போய்க்கொண்டிருந்தது. 12,000 அடியில் எச்சரிக்கை ஒலி வந்தது. அதே ஒலிதான் தரையில் புறப்படும் அமைப்பு தவறாக இருந்தாலும் வரும். விமானிகள் அதுவென்றே நினைத்துக்கொண்டார்கள். தரையிலிருந்த பொறியாளர் அழுத்தக் குமிழ் தானியங்கியில் இருக்கிறதா என்று கேட்டார். கேப்டன் அதற்குப் பதில் சொல்லாமல் குளிர்விப்புக் கருவியின் சர்க்யூட் பிரேக்கர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். விடை கையருகில் இருந்தது, கேள்வியே காதில் ஏறவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்கள் ஞாபகம் வரும். பயணிகளுக்கு மாஸ்க் விழுந்தது. அது பன்னிரண்டு நிமிஷ அளவுக்குத்தான். விமானம் கீழே இறங்கவே இல்லை. தானியங்கி விமானி அதை 34,000 அடிக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருந்தது.

வார்டு_அக்கா

பன்னிரண்டு நிமிஷம் போதுமா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒழுங்காக இறங்கினால் போதும், 10,000 அடிக்கு வந்துவிட்டால் மாஸ்க் தேவையில்லை. 2018 செப்டம்பரில் மும்பை–ஜெய்ப்பூர் விமானத்தில் அழுத்தச் சுவிட்சைப் போட மறந்து, முப்பது பேர் அளவில் மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்ததே, அது ஆக்சிஜன் குறைவால்தானே சார்?

வடசேரி_சார்ஜன்ட்

இல்லை சிஸ்டர். அது அழுத்தம் மாறுவதால் காதும் சைனசும் பட்ட அடி. ஆக்சிஜன் குறைவு ரத்தம் காட்டாது, வலிக்காது. வலிப்பதை ஜனங்கள் கவனிப்பார்கள், வலிக்காததைத்தான் தவறவிடுவார்கள்.

குழித்துறை_அம்மா

சார், மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் "மயங்கிய தாய்க்குப் பிள்ளை போடாது" என்ற இடத்தில் பேச்சு நின்றது. இரண்டு சந்தேகம். பை ஊதவில்லை என்றால் ஆக்சிஜன் வரவில்லை என்று அர்த்தமா? மடிக்குழந்தைக்கு மாஸ்க் எங்கே இருக்கும்? பிறகு, பெரியவர்களுக்கே பதினைந்து செகண்டு என்றால் குழந்தைக்கு?

வார்டு_அக்கா

பையை நம்பாதீர்கள், பை தொங்கிக்கிடந்தாலும் வந்துகொண்டிருக்கும். கிண்ணத்தை முகத்துக்கு நேராக நன்றாக இழுக்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் மேலே ஒரு ரசாயனக் குப்பி இருக்கிறது, இழுத்தால்தான் அது தொடங்கும். ஒருவர் இழுத்தாலே அந்த வரிசையின் எல்லா மாஸ்க்குக்கும் வரும், ஆகவே நீங்கள் உங்களுடையதை இழுத்த நொடியே மகளுடையதும் தயாராகிவிடும். கருகின வாடை வரும், குப்பி சூடாவதால். தீ என்று மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். சில புதிய ரக விமானங்களில் முறை வேறு.

மடிக்குழந்தைக்கு: மூன்று இருக்கை உள்ள பக்கத்தில் பொதுவாக நாலு மாஸ்க் இருக்கும், ஒரு வரிசைக்கு ஒரு மடிக்குழந்தை என்று வைப்பதும் அதனால்தான். ஏறியதும் பணிப்பெண்ணிடம் இந்த வரிசையில் கூடுதல் மாஸ்க் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நடுவில் உட்காருங்கள், மகளை ஜன்னல் பக்கம் வையுங்கள், பெல்ட்டைக் கழற்றாமல் எட்ட வேண்டும். சின்னவன் நாடாவை வைத்துக்கொள்ள மாட்டான். கிண்ணத்தைக் கையால் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அழுதால் அழட்டும், அழும்போதுதான் நன்றாக இழுப்பான்.

வடசேரி_சார்ஜன்ட்

குழந்தைக்கு எத்தனை செகண்டு என்பதற்கு என்னிடம் எண் இல்லை. அந்த அட்டவணைகள் படை இளைஞர்களை வைத்து அளந்தவை, பிள்ளைகளை அறைக்குள் வைத்து யாரும் அளக்கப்போவதில்லை. பிள்ளைகள் எடைக்கு எடை ஆக்சிஜனை அதிகம் எரிக்கிறவர்கள், ஆகவே குறைவாக இருக்கும் என்பது என் எண்ணம்.

லே_மலை

குறைவாக இருந்தால் பிள்ளைக்கு முதலில் போட வேண்டும் என்றல்லவா ஆகிறது?

வடசேரி_சார்ஜன்ட்

எத்தனை குறைவு என்றாலும், மயங்கிய பின் திரும்ப எழுப்ப இருக்கும் அவகாசம் நிமிஷக் கணக்கில். உங்கள் விரல் வேலை செய்யும் அவகாசம் செகண்டுக் கணக்கில். முதலில் தீர்வது எதுவோ அதை முதலில் கவனிக்க வேண்டும் ஐயா.

கடியபட்டணம்_சிப்பி

அண்ணாச்சி, மச்சானுக்கு வந்தது இதுதான்னு அவனுக்கிட்ட சொல்லியாச்சு. எங்க கூட்டத்துல இனிமே ஒருத்தன் இறங்கினா ஒருத்தன் மேல நிக்கணும்னு பேசிட்டு இருக்கோம். ஆனா ஒரு சந்தேகம் கெடக்கு. இறங்குறதுக்கு முன்னாடி நாங்க வேகமா நாலஞ்சு மூச்சு இழுத்து விடுவோம், அப்பதான் ரொம்ப நேரம் நிக்கலாம். அதுல தப்பு உண்டா?

வடசேரி_சார்ஜன்ட்

உண்டு, அதுதான் பெரிய தப்பு. அப்படி இழுத்து விடுவதால் ஆக்சிஜன் கூடுவது கொஞ்சம்தான், கரியமில வாயு நிறைய வெளியே போய்விடும். மூச்சு முட்டுகிற மணி தாமதமாக அடிக்கும், அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். நாளைக்கே நிறுத்துங்கள். மீதியை வேறு இழையில் விரிவாக எழுதுகிறேன், உங்கள் கூட்டத்தில் எல்லாரையும் படிக்கச் சொல்லுங்கள்.